மூன்று மணி நேரத்துக்கு ஒரு கடை

மதுரை செல்லூரிலிருந்து அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகன், கூடவே தாய்மாமா என்று நாலு பேர், பையனை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். பையனுக்கு சினிமா ஆசை. மாமாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்த்தே தீருவது என்று நின்றார். அதற்காக ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் வீட்டு மனையை விற்க ஆளும் பார்த்தாயிற்றாம்.

விற்காதீர்கள் என்றேன். கணக்கு வராது என்று பையனே சொல்கிறான். அரியர் கட்டுவதற்கா அந்த இடம்? லட்சக்கணக்கில் கட்டிச் சேரும் சினிமா படிப்புக்கும் இதே பதில்தான்.

பையன் ஒரு குறும்படத்துக்காகக் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சியிடம் கடிதம் கொடுத்து, அவர் மறுத்துவிட்டாராம். வாங்கிப் பார்த்தேன். "தங்கள் கடையில் ஷூட்டிங் நடத்த அனுமதி வேண்டும்" என்று இரண்டே வரி. ஷூட்டிங் என்றதும் அண்ணாச்சிக்கு ஜெனரேட்டர் வண்டியும் கூட்டமும்தானே கண்ணில் தெரியும்? அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"அண்ணாச்சிக்கு வணக்கம். வரும் புதன்கிழமை மதியம் 2 முதல் 5 மணி வரை, சாமான் எடுத்து வைக்கும் நேரமும் சேர்த்து, உங்கள் கடைக்குள் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க அனுமதி கேட்கிறேன். பயிற்சிக்காக எடுப்பது, விற்பனைக்கு அல்ல. நாங்கள் மூன்று பேர். ஒரு கேமரா, ஒரு ஸ்டாண்டு, பேட்டரியில் எரியும் ஒரு விளக்கு. கடைக் கரண்டு வேண்டாம். கல்லாவையும் கணக்கு நோட்டையும் எடுக்க மாட்டோம். வாடிக்கையாளர் முகம் அவர் சம்மதித்தால் மட்டும். ஏதும் உடைந்தால் விலையைத் தந்துவிடுகிறோம். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவோம். உங்களுக்குக் காட்டிய பிறகே வெளியிடுவோம்."

கீழே "ஆட்சேபணை இல்லை" என்று போட்டு, கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டோம். இரண்டு பிரதி, ஆளுக்கு ஒன்று. வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். இந்தக் கையெழுத்து கடைக்குள் மட்டும்தான் செல்லும். வீதியில் ஸ்டாண்டு போடுவதற்கு அனுமதி தனி.

புதன்கிழமையைச் சொன்னது பையன்தான். முகூர்த்த நாளா என்று காலண்டர் பார்த்திருக்கிறான், கடைக்குச் சரக்கு இறங்குவது வியாழன் என்று விசாரித்திருக்கிறான். கடை ரேடியோவை அணைக்கச் சொல்ல வேண்டும், சினிமாப் பாட்டு பதிவானால் வெளியிடும்போது உரிமைத் தகராறு வரும் என்பதும் அவனே சொன்னது. கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது: இவன் சாய்வு ஒளிப்பதிவு அல்ல, தயாரிப்பு நிர்வாகம். இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, நேரத்துக்கு முடிப்பது, கணக்கு ஒப்படைப்பது. கல்யாண வீடியோ, விளம்பரம், சீரியல் எதற்கும் இப்படி ஓர் ஆள் தேவை. மாமா இப்படி ஒரு வேலையைக் கேள்விப்பட்டதே இல்லை.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார், ரேடியோவை மட்டும் பேரம் பேசி நாலு மணிக்கு அணைத்தார். பேச்சு வரும் காட்சிகளை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டு, 4.50-க்குப் பையன் கடையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டான்.

மாமாவுக்கு: சேர்க்கை முடிய நாள் இருக்கிறது, முன்பணம் கட்டாதீர்கள். அப்பாவுக்கு: உள்ளூரிலேயே கட்டுப்படியாகும் ஒரு பட்டப்படிப்பில் சேருங்கள். வார இறுதியில் ஏதாவது வீடியோ குழுவோடு அவன் போகட்டும், சம்பளம் கேட்க வேண்டாம், பஸ் காசு மட்டும் நீங்கள் கொடுங்கள்.