கேள்வி பதில்: பொருள் வீடியோவுக்கு எடிட்டரிடம் கரெக்‌ஷன் எழுதிக் கொடுப்பது எப்படி?

கோவை கிரைண்டர்காரர்: எங்க டேபிள் டாப் கிரைண்டருக்கு 30 செகண்ட் வீடியோ, V2 வந்திருக்கு. நான் எழுதினது இது: "நல்லா இருக்கு, ஆனா பஞ்ச் பத்தல. நடுவுல ஏதோ மிஸ் ஆகுது. கலர் சரியில்ல. எழுத்துல தப்பு இருக்கு. லோகோ பெருசா வேணும்." எடிட்டர் புரியலங்கறார். எனக்கு வேண்டியது: கல்லைத் தூக்குற ஷாட் சட்டுனு போயிடுது, சிவப்பு பாடி ஒரு இடத்துல ஆரஞ்சா தெரியுது, கடைசியில லோகோவுக்குக் கீழ இருக்கிற வரியைப் படிக்க முடியல.

உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. அதையே எடிட்டருக்கு எழுதியிருக்கலாம். "பஞ்ச் பத்தல" என்று படித்தால் அவர் மியூசிக்கை மாற்றுவார், வேகத்தைக் கூட்டுவார். கல் ஷாட் இன்னும் சீக்கிரம் ஓடிவிடும். இப்படி எழுதுங்கள் (நேரங்களை உங்கள் வீடியோவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்):

> Grinder_30s_V2-க்கான கரெக்‌ஷன்
>
> 0:11 – 0:13, கல்லைத் தூக்கும் ஷாட்: கல் முழுதாக வெளியே வருவதற்குள் கட் ஆகிறது. ஒரு விநாடி கூடுதலாக நிற்க வேண்டும். அதை 0:04 – 0:08 மாவு வழியும் ஷாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 30 விநாடியைத் தாண்டக் கூடாது.
>
> 0:17, எழுத்து: "2 லிட்டர் கொள்ளவு" என்று இருக்கிறது. "2 லிட்டர் கொள்ளளவு" என்று வர வேண்டும்.
>
> 0:19 – 0:22, பாடி ஆரஞ்சாகத் தெரிகிறது. 0:06-இல் இருக்கும் சிவப்புதான் சரி. அதோடு பொருந்த வேண்டும்.
>
> 0:27 முதல் முடிவு வரை: லோகோவுக்குக் கீழே உள்ள வரி போனில் படிக்க முடியவில்லை. லோகோ அளவு இப்படியே இருக்கட்டும்.
>
> மியூசிக், வாய்ஸ் ஓவர், மற்ற ஷாட்டுகள் அப்படியே இருக்கட்டும்.

கவனித்தீர்களா, லோகோவைப் பெரிதாக்கச் சொல்லவே இல்லை. உங்கள் குறை வரியைப் பற்றியது. லோகோவைப் பெரிதாக்கினால் அந்த வரிக்கு இடம் இன்னும் குறையும். நிறத்துக்கும் "இன்னும் சிவப்பு" என்று எழுதாமல், அதே வீடியோவில் சரியாக இருக்கும் ஷாட்டைக் காட்டுங்கள். எடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திவிடுவார்.

வெர்ஷன் எண்ணை விடாதீர்கள். V1 பார்த்து எழுதிய 0:11, V2-வில் வேறு ஷாட்டாக இருக்கும்.

விளம்பர ஆபீஸ்காரர்: 0:11னு எழுதினா போதாது சார். 00:00:11:14னு ஃபிரேம் வரைக்கும் எழுதணும். அதுதான் ப்ரொஃபஷனல்.

படத்தின் மேலேயே டைம்கோட் ஓடும்படி எடிட்டர் அனுப்பியிருந்தால் அப்படியே பார்த்து எழுதலாம். போன் பிளேயரில் விநாடி மட்டும்தான் தெரியும். அங்கே 14 என்பது குத்துமதிப்பு, எடிட்டரோ அதை நம்பி அந்த ஃபிரேமையே தேடுவார். விநாடியையும் அந்த ஷாட்டில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதினால் தவறவே தவறாது.

மசாலா அக்கா: எங்க மிளகாய்த்தூள் வீடியோ ஒரே புள்ளி புள்ளியா, மங்கலா இருக்கு. வாட்ஸ்அப்ல வந்துச்சு. தெளிவா வேணும்னு எழுதிடட்டுமா?

எழுதாதீர்கள் அக்கா. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். மிளகாய்த்தூள் போல நுணுக்கமான பரப்பு அதில் முதலில் குழைந்துபோகும். டிரைவ் லிங்க் கேளுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். டிரைவிலும் டவுன்லோட் செய்து பாருங்கள். போனில் இரவு வெளிச்ச மோட் ஓடினால் அணைத்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். நிறம், தெளிவு பற்றிய எந்தக் கருத்தும் இதற்குப் பிறகுதான்.

எடிட்டர் தம்பி: அண்ணே, மேல அந்த ஒரு செகண்ட் விஷயம். 0:04-ல இருந்து எடுக்கச் சொன்னா, அங்கிருந்து கல் ஷாட் வரைக்கும் எல்லாமே ஒரு செகண்ட் முன்னாடி நகரும். பீட்டுக்கு வெட்டின கட் அத்தனையும் போச்சு. பக்கத்து ஷாட்ல எடுத்தா ஒரு கட் மட்டும்தான் நகரும். குறையை மட்டும் சொல்லச் சொல்லுங்க, வைத்தியத்தை நாங்க பார்த்துக்கறோம்.

நீங்கள் சொல்லும் நகர்வு உண்மைதான். ஆனால் "எடுத்துக்கொள்ளலாம்" என்பது அனுமதி, கட்டளை இல்லை. எந்த ஷாட் குறைந்தால் வியாபாரத்துக்கு நஷ்டமில்லை என்பது கிரைண்டர்காரருக்குத்தான் தெரியும். அவர் சொல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் மோட்டார் ஷாட்டில் கை வைப்பீர்கள். அது அவருடைய முக்கிய ஷாட்டாக இருக்கலாம்.

எடிட்டர் தம்பி: அனுமதின்னு நீங்க சொல்றீங்க. அடுத்த ரவுண்டுல "நான் சொன்ன இடத்துல ஏன் எடுக்கல"ன்னுதான் வரும்.

கோவை கிரைண்டர்காரர்: மோட்டார் ஷாட்ல கை வைக்கக் கூடாதுங்க. அதுக்குத்தான் செலவே பண்ணினோம்.

விளம்பர ஆபீஸ்காரர்: அப்ப "தொடக் கூடாத ஷாட்"னு தனியா ஒரு வரி போட்டா முடிஞ்சுது.

எடிட்டர் தம்பி: நாலு கிளையண்ட் எல்லா ஷாட்டையும் அதுல எழுதுவாங்க.

இரண்டு பேரும் சொல்வதில் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. தொடக் கூடாதது ஒன்றோ இரண்டோ என்றால் அந்த வரி பலிக்கும். அதற்கு மேல் போனால் தம்பி சொல்வதுதான் நடக்கும்.

சோப்பு வியாபாரி: வாட்ஸ்அப்ல வீடியோ மங்கலா இருக்கு, என்ன எழுதலாம்?

மசாலா அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஈரோடு ஜவுளி: விலைப் பட்டையில தமிழ் எழுத்து தப்பு. "கொ" எழுதினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி வருது. ரெண்டு தடவை "ஸ்பெல்லிங் தப்பு"ன்னு எழுதியும் அப்படியே வருது.

ஸ்பெல்லிங் தப்பு என்றால் எடிட்டர் மறுபடி டைப் செய்வார், மறுபடி உடையும். "எழுத்து சரி, கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருகிறது" என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றைச் சேருங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் இது பெரும்பாலும் ஒரு அமைப்பால் வருவது. Preferences-இல் Graphics பகுதியில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சரியான வரியை யூனிகோடில் டைப் செய்து நோட்டிலேயே ஒட்டுங்கள். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் அவர் பார்த்து அடிப்பார், புதுத் தப்பு வரும். பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

தேன் கடை: மியூசிக் பிடிக்கல. எப்படிச் சொல்றது?

என்ன பிடிக்கவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் "0:08 – 0:15 வாய்ஸ் ஓவர் மியூசிக்கில் அமுங்குகிறது" என்று எழுதினால் போதும், சத்தத்தைக் குறைத்தால் தீர்ந்தது. டியூனே வேண்டாம் என்றால் V1-லேயே சொல்லுங்கள். கட்டுகள் பீட்டைப் பார்த்து வெட்டப்பட்டிருக்கும். V3-இல் டியூனை மாற்றினால் பாதி வீடியோவை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் காசு கேட்டால் சண்டை போடக் கூடாது.

ஊறுகாய் அண்ணாச்சி: ஒரு நிமிச வீடியோவுக்கு எவ்வளவு ரேட் போகுது?

இந்தத் திரி அதற்கில்லை அண்ணாச்சி.

செக்கு எண்ணெய்: வீட்டுல அப்பா, தம்பி, நான், மூணு பேரும் தனித்தனியா கரெக்‌ஷன் அனுப்பறோம். சரிதானே?

தவறு. ஒரே நோட், ஒரே ஆள் அனுப்ப வேண்டும். அப்பா ஷாட்டை நீட்டச் சொல்லி, தம்பி அதையே வெட்டச் சொன்னால் எடிட்டர் கடைசியாக வந்த மெசேஜைத்தான் செய்வார். சண்டையை வீட்டிலேயே முடித்துவிட்டு எழுதுங்கள். வெர்ஷன் எண்ணோடு.

பாத்திரக் கடை: சார், வாட்ஸ்அப் வீடியோ கிளியரா...

மேலே பார்க்கவும்.

கோவை கிரைண்டர்காரர்: V3 வந்ததும் என்ன பார்க்கணும்?

உங்கள் நோட்டைத் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். பிறகு சத்தத்தோடு ஒரு முறை முழுக்க ஓடவிடுங்கள். ஒரு விநாடி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அதற்கும் கல் ஷாட்டுக்கும் நடுவே எல்லாம் நகர்ந்திருக்கும். "கல்லை எளிதாக எடுக்கலாம்" என்ற குரல் மாவு மேல் விழுகிறதா, கல் மேல் விழுகிறதா என்று கேளுங்கள். மாவு மேல் விழுந்தால் V3 என்று போட்டு அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.