வானவில் அட்டவணையும் தனித்தனி சால்ட்டும்

“டர்பனில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத் தளத்தில் கடவுச்சொற்கள் வெறும் எம்டி5 ஹாஷாகவே இருக்கின்றன. வானவில் அட்டவணை அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லா உறுப்பினருக்கும் ஒரே சால்ட் போதாதா?”

போதாது. ஹாஷ் என்பது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும், நேராகத் திருப்ப முடியாத குறியீடு; சால்ட் என்பது ஹாஷ் செய்யுமுன் கடவுச்சொல்லுடன் சேர்க்கும் தற்செயலான எழுத்துத்தொடர். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொற்கள் சுமார் 20,900 கோடி உள்ளன. அவை அனைத்தையும் 16 பைட் ஹாஷுடன் சேமிக்க ஏறக்குறைய 5 டெராபைட் இடம் வேண்டும். இதற்கு மார்ட்டின் ஹெல்மன் 1980இல் ஒரு நடுவழி காட்டினார்: ஒரு சொல்லை ஹாஷ் செய்து, அந்த ஹாஷிலிருந்து ஒரு சுருக்கச் சார்பால் வேறொரு எட்டெழுத்துச் சொல்லைப் பெற்று, இதையே 10,000 முறை தொடர்ந்து, சங்கிலியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் வைத்துக்கொள்வது. கணக்குப்படி சில நூறு மெகாபைட்டே போதும். ஆனால் இரண்டு சங்கிலிகள் ஓரிடத்தில் ஒரே சொல்லைத் தொட்டுவிட்டால் அதன்பின் ஒன்றாகவே ஓடி, இடத்தை வீணாக்கும். 2003இல் ஃபிலிப் ஓக்ஸ்லின் ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு சுருக்கச் சார்பை வைத்து இந்த இணைவை வெகுவாகக் குறைத்தார். வானவில் என்ற பெயர் அதனால்தான்.

திருடிய ஹாஷ் எந்தப் படியில் இருக்கும் என்பது தெரியாததால், ஒவ்வொரு படியாக ஊகித்துக் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு அதிகபட்சம் 5 கோடி ஹாஷ் வரை ஆகலாம். முடிவு சேமித்த கடைசிச் சொல் ஒன்றுடன் பொருந்தினால், அதன் முதல் சொல்லிலிருந்து சங்கிலியை மீண்டும் ஓட்டி, திருடிய ஹாஷைத் தரும் சொல்லைத் தேடுவார்கள்.

அட்டவணையைக் கட்டும் பெரும் உழைப்பு பல ஹாஷ்களுக்குப் பயன்பட்டால்தான் இலாபம். ஒரே சால்ட் என்றால், அதற்கென ஒருமுறை கட்டிய அட்டவணை உங்கள் உறுப்பினர் அனைவருக்கும் உதவும். ஒவ்வொருவருக்கும் தனியான 16 பைட் சால்ட் இருந்தால், அது வெளியே தெரிந்தாலும், ஒரே ஆளுக்காக 20,900 கோடி கணக்கீட்டையும் செய்தாக வேண்டும். அதற்கு நேரடியாக ஊகிப்பதே மலிவு. அந்த நேரடி ஊகத்தைச் சால்ட் தடுக்காது; எம்டி5 மிக வேகமானது என்பதால் வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட ஆர்கான்2ஐடி ஹாஷுக்கும் மாறிவிடுங்கள்.