பாதி தமிழ், பாதி ஆங்கிலம்: எந்தப் பக்கம் மொழிபெயர்ப்பது?

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒரு ஆவணம் வந்திருக்கிறது. பாதி தமிழ், பாதி இங்கிலிஷ். எந்த மொழிக்கு மாற்ற வேண்டும், என்ன நடையில் என்று ஒன்றும் சொல்லவில்லை. போன் பண்ணினாலும் ஆள் எடுக்கவில்லை. எப்படி முடிவெடுப்பது?

பதில்:

எந்த மொழியில் சொற்கள் கூட என்று எண்ணாதீர்கள். அச்சடித்திருப்பது யார், அதில் எழுதியிருப்பது யார் என்று பாருங்கள். திருகோணமலையில் என் கைக்கு வரும் கலப்பு ஆவணங்களில் பெரும்பாலானவை அதிலேயே திசையைக் காட்டிவிடுகின்றன.

படிவம் என்றால் அச்சு அதைக் கேட்டவருடையது, எழுத்து நிரப்பியவருடையது. தாள் திரும்பிப் போகப்போவது அச்சடித்தவரிடம். ஆகவே நிரப்பிய மொழியிலிருந்து அச்சின் மொழிக்கு மாற்ற வேண்டும். கடிதம் என்றால் நிலைமை தலைகீழ். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த கடன் கடிதத்தின் ஓரத்தில் பேனையால் ‘எப்ப கட்டோணும்?’ என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது, வாசிக்கத் தவிப்பவர் அதை வாங்கியவர். அவருக்குத் தமிழ்தான் வேண்டும்.

மும்மொழியில் அச்சான அரசாங்கப் படிவத்தில் மட்டும் இந்த வழி உதவாது. அங்கே தாள் அடுத்து எந்த மேசைக்குப் போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, ஒரே ஆவணத்துக்குள் இரண்டு திசையும் இருப்பது. நிலாவெளிப் பக்கமிருந்து ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அனுப்பிய விண்ணப்பம் ஒன்றைச் சொல்கிறேன். கருவாடு காயவைக்கத் தட்டும் கூரையும் கேட்டு ஒரு நிதி நிறுவனத்துக்கு எழுதியது. கருத்திட்டத்தின் தலைப்பு, நேரடிப் பயனாளிகள், சமூகப் பங்களிப்பு என்ற தலைப்பெல்லாம் ஆங்கில அச்சு. பதில்கள் தமிழ்க் கையெழுத்து. அதில் ஒரு பதில் இப்படி இருந்தது: “எங்கட ஊர்ல நெத்தலிக் கருவாடு போட்டுத்தான் சீவியம். மாரி வந்தா எல்லாம் நாசம். ஸ்டோர் ரூமும் இல்ல. ட்ரையிங் ராக் கிடைச்சா லாஸ் குறையும்.” ஸ்டோர் ரூம், ராக், லாஸ் என்று ஆங்கிலச் சொற்கள் இருந்தாலும் இது தமிழ்தான். வினைச்சொல்லும் வேற்றுமை உருபும் எந்த மொழியோ, வாக்கியம் அந்த மொழி. சொற்களைப் பார்த்து இதை ‘ஏற்கெனவே பாதி ஆங்கிலம்’ என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சொற்களை அப்படியே தூக்கி வைக்கத் தோன்றும். ‘லாஸ்’ என்று எழுதியவர் கணக்குப் புத்தகத்து நட்டத்தைச் சொல்லவில்லை, ஈரத்தில் பழுதாகும் கருவாட்டைச் சொல்கிறார்.

இந்தப் பக்கங்களின் திசையில் சந்தேகம் இல்லை, ஆங்கிலத்துக்குத்தான். கடைசிப் பக்கம் வேறு. அது முழுக்க ஆங்கிலத்தில் அச்சான உறுதிமொழி. மிஞ்சும் பணத்தைத் திருப்பித் தருவது, பற்றுச்சீட்டுகளைப் பேணுவது, கணக்காய்வுக்கு ஒத்துழைப்பது என்று நிபந்தனைகள். கீழே தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையொப்பமிட வெற்றுக்கோடு. இரண்டாம் நிபந்தனைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. நிறுவனத்துக்கு அந்தப் பக்கத்தில் மொழிபெயர்ப்பே தேவையில்லை, அது அவர்களே எழுதியது. கையொப்பமிடப் போகிறவர்களுக்குத்தான் தேவை. பென்சில் குறியையும் இன்னும் நிரம்பாத கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பக்கம் தமிழுக்குப் போக வேண்டும்.

நடையும் இப்படி வாசகரைப் பொறுத்தே அமையும். பதில்களின் ஆங்கிலத்தை அலுவலக எழுத்தில், ஆனால் எளிமையாக எழுதினேன். ‘எங்கட’ என்பது ‘சங்கத்தின் உறுப்பினர்கள்’ ஆனது. பேச்சுவழக்கைப் பேச்சுவழக்கு ஆங்கிலமாக மாற்றினால் அந்தப் பெண்கள் தெளிவில்லாமல் எழுதியதுபோல் ஆகிவிடும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதே நேரம் மூலத்தில் இல்லாத பெரிய வார்த்தைகளையும் நுழைக்கக் கூடாது. நிதி விண்ணப்பம் என்றாலே ‘வலுவூட்டல்’, ‘நிலைபேறான வாழ்வாதாரம்’ என்று கை தானாக ஓடும். அவர்கள் கேட்டது கூரையும் தட்டும். மதிப்பிடுபவர் பிறகு ஊருக்கு வந்து கேள்வி கேட்கும்போது, அவர்கள் சொல்லாத சொல்லுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

‘எல்லாம் நாசம்’ என்ற இடத்தில் நின்றேன். வீசவேண்டி வருகிறதா, பாதி விலைக்கு விற்கவேண்டி வருகிறதா? இரண்டுக்கும் ஆங்கிலம் வேறு, பணக்கணக்கும் வேறு. இதை ஊகிக்கவே கூடாது. கேட்டபோது, பூஞ்சணம் பிடித்ததை வீசுவோம், மற்றதைக் குறைந்த விலைக்கு வியாபாரி எடுப்பார் என்றார்கள். அதை அப்படியே எழுதினேன்.

உறுதிமொழியின் தமிழ் நேர்மாறான நடையில் இருக்க வேண்டும். அதைக் கூட்டத்தில் ஒருவர் உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். சட்டத் தமிழில் ஒரே நீள வாக்கியமாக எழுதினால் பென்சில் கேள்விக்குறி அங்கேயே நிற்கும். “பற்றுச்சீட்டு இல்லாத செலவை நிறுவனம் ஏற்காது. அந்தத் தொகையைச் சங்கமே பொறுக்க வேண்டும்” என்று உடைத்து எழுதினேன். ஆனால் உடைக்கும்போது கடமையின் கனம் குறையக் கூடாது. ஆங்கிலத்தில் கட்டாயம் என்றிருந்தால் தமிழில் ‘செய்வது நல்லது’ ஆகிவிடக் கூடாது. மேலே ‘விளங்கிக்கொள்வதற்காக மட்டும், கையொப்பமிட வேண்டியது ஆங்கிலப் பிரதியில்’ என்று ஒரு வரி போட்டேன். அந்த வரி இல்லாவிட்டால் தமிழ்த் தாளில் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம், ஆள் போன் எடுக்காத விஷயம். ‘எந்த மொழிக்கு?’ என்று செய்தி அனுப்பினால் பெரும்பாலும் ‘இரண்டுக்கும்’ என்றுதான் பதில் வரும். பணமும் நேரமும் வீண். “அக்கா, இதை யாரிட்ட குடுக்கப் போறீங்கள்? எப்ப குடுக்கோணும்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு பக்கத்தைச் செய்து, “விண்ணப்பம் நிறுவனத்துக்குப் போகிறது என்று எடுத்து ஆங்கிலத்தில் செய்கிறேன். கடைசிப் பக்கம் உங்களுக்காகத் தமிழில். வேறு மாதிரி என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்” என்று அனுப்பிவிடுங்கள். கண்ணால் ஒரு பக்கத்தைப் பார்த்ததும் தவறு இருந்தால் உடனே சொல்வார்கள்.

திசை பிழைத்துவிட்டதா என்று வேலைக்கு நடுவிலும் கண்டுபிடிக்கலாம். நீங்கள் மாற்றிய வரிகளை வாங்குபவரின் இடத்திலிருந்து வாசியுங்கள். அவற்றில் பெரும்பகுதி அவருக்கு முன்பே வாசிக்கத் தெரிந்ததாக இருந்தால் நீங்கள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறீர்கள். படிவத்தின் அச்சுத் தலைப்புகளை மாற்றத் தொடங்கியிருந்தாலும் அதேதான்.

மேலே சொன்ன சுதந்திரம் எல்லாம் சான்றிதழ்களுக்குப் பொருந்தாது. தமிழில் நிரப்பிய பிறப்புச் சான்றிதழை வெளிநாட்டுத் தேவைக்கு ஆங்கிலமாக்கும்போது அதில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் உள்ளதைப் பிழை இருந்தாலும் அப்படியே எடுத்தெழுத வேண்டும், திருத்தக் கூடாது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கடவுச்சீட்டைப் பார்த்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் வாடிக்கையாளரிடம் முதலில் சொல்லுங்கள். சிங்களத்தில் முத்திரை இருந்து உங்களுக்குச் சிங்களம் வாசிக்க வராவிட்டால், அது சிங்கள முத்திரை என்று மட்டும் குறித்து, தெரிந்தவரிடம் அந்த வரியை வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.