ஒரு ஸ்லைடு, ஒரு செய்தி: கத்தரியை எங்கே வைப்பது?

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவன மெர்ச்சண்டைசர்: "ஆகஸ்ட் டெலிவரி நிலவரம்" என்று ஒரே ஸ்லைடு போட்டேன். 40 ஆர்டருக்கான டேபிள், தாமதக் காரணங்களுக்கு ஒரு பை சார்ட், எட்டு புல்லட். எம்.டி. பார்த்துவிட்டு "இதில் என்னப்பா சொல்ல வருகிறாய்?" என்றார். எப்படிப் பிரிப்பது அக்கா?

முதலில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய எட்டு புல்லட்டையும் படித்தேன். 40 ஆர்டரில் 12 தாமதம். அதில் 9 சாயப்பட்டறையில் தேங்கியவை, 2 ஜிப் வராததால், 1 எம்பிராய்டரியால். ஷேட் ஒத்துவராமல் ரீ-டையிங் போனால் ஒவ்வொரு முறையும் 4 நாள் போகிறது. ஏர் ஷிப்மென்ட் செலவு 11 லட்சம். புதிதாக 14 டெய்லர்கள் சேர்ந்தார்கள். இரண்டு நாள் மின்வெட்டு. செப்டம்பரில் 46 ஆர்டர். இன்னொரு டையிங் யூனிட்டோடு பேச அனுமதி வேண்டும்.

உங்கள் உண்மையான செய்தி கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அந்த அனுமதியை எம்.டி. தருவதற்கு முன் அவர் எதையெல்லாம் நம்ப வேண்டும்? ஒவ்வொன்றையும் வினையோடு முடியும் முழு வாக்கியமாக எழுதுங்கள். எனக்கு நான்கு கிடைத்தன.

"தாமதமான 12 ஆர்டரில் 9 சாயப்பட்டறையில் தேங்கின." "ஷேட் தவறினால் ஒவ்வொரு தடவையும் 4 நாள் போகிறது." "போன நாட்களை ஈடுகட்ட விமானத்தில் அனுப்பி 11 லட்சம் செலவழித்தோம்." "செப்டம்பரின் 46 ஆர்டருக்கு இரண்டாவது டையிங் யூனிட் வேண்டும்."

இந்த நான்கு வாக்கியங்களும்தான் நான்கு ஸ்லைடுகளின் தலைப்பு. "டெலிவரி நிலவரம்" என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். அதன் கீழ் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்பதால்தான் எல்லாம் கொட்டப்பட்டது.

பிறகு பவர்பாயிண்டில் பழைய ஸ்லைடை இடப்பக்கப் பட்டியலில் தேர்ந்தெடுத்து Ctrl+D மூன்று முறை அழுத்துங்கள். நான்கு பிரதி ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் தலைப்பை மாற்றி, அந்தத் தலைப்பை நிரூபிக்காத எல்லாவற்றையும் அழியுங்கள். முதல் ஸ்லைடில் பை சார்ட்டுக்குப் பதில் 9, 2, 1 என்று மூன்று படுக்கைப் பட்டைகள் போதும். சாயத்துக்கு மட்டும் அடர் நிறம், மற்ற இரண்டும் சாம்பல். 40 வரி டேபிளை அச்செடுத்துக் கையில் கொடுங்கள், திரையில் வேண்டாம்.

14 டெய்லரும் மின்வெட்டும் எந்த ஸ்லைடிலும் உட்காரவில்லை, கவனித்தீர்களா? அவற்றுக்கு இடம் தேடாதீர்கள். கேட்டால் வாயால் சொல்லலாம்.

கோவை, கல்லூரி விரிவுரையாளர்: இதற்கு ஏன் இவ்வளவு பாடு? பெட்டியில் எழுத்து வழிந்தால் மூலையில் வரும் AutoFit பட்டனில் Split Text Between Two Slides இருக்கிறதே. ஒரு ஸ்லைடுக்கு ஆறு வரி, வரிக்கு ஆறு சொல் என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும்.

பாதி சரி சார். எழுத்து வழிவது ஸ்லைடு நிரம்பிவிட்டதற்கு நல்ல அறிகுறி. ஆனால் அந்தப் பட்டன் இடத்தைப் பார்த்து வெட்டுகிறது, பொருளைப் பார்த்து அல்ல. காரணம் ஒரு ஸ்லைடிலும் விளைவு அடுத்ததிலும் போய் விழும், இரண்டுக்கும் தலைப்பு ஒன்றே. "தொடர்ச்சி" என்று தலைப்பு போடத் தோன்றினால் தவறான இடத்தில் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சொல் எண்ணிக்கையும் அப்படித்தான். ஆறே சொல்லில் மூன்று செய்தி திணிக்கலாம். அறுபது சொல்லில் ஒரே செய்தியும் இருக்கலாம்.

உங்களுக்கு உதவக்கூடியது, ஸ்லைடுகளின் எழுத்தை மட்டும் பட்டியலாகக் காட்டும் Outline View. ஒரு முதல்நிலை புல்லட்டின் மேல் கர்சரை வைத்து Shift+Tab அழுத்தினால் அது புதிய ஸ்லைடின் தலைப்பாகிவிடும். கீழே உள்ள வரிகள் அதனோடு போகும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: தனியாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸ் எழுத்துகள் அந்தப் பார்வையில் தெரியாது. அங்கே காணோம் என்று பதறி மறுபடி தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

சென்னை, பள்ளி ஆசிரியை: நான் 12 வரியையும் அனிமேஷனில் ஒவ்வொன்றாக வரவைக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு செய்திதானே?

வரும்போது ஒன்று டீச்சர், வந்தபின் பன்னிரண்டு. கடைசி வரியைப் பேசும்போது பிள்ளைகள் கண் நான்காவது வரியில் நிற்கும். ஒரே கணக்கின் படிகள் என்றால் உங்கள் முறைதான் சரி, முந்தைய படி கண்ணில் இருக்க வேண்டும். நான்கு தனி விஷயங்கள் என்றால் பிரித்துவிடுங்கள்.

மதுரை, வங்கி அதிகாரி: "வைப்புத்தொகை ஏறியது, ஆனால் கடன் வழங்கல் இறங்கியது." ஒரு வாக்கியத்தில் "ஆனால்" வந்தால் இரண்டு செய்தி என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். பிரிக்கட்டுமா?

வேண்டாம். "மேலும்" வந்தால் பெரும்பாலும் பிரிக்கலாம். "ஆனால்" வந்தால் யோசிக்க வேண்டும். இங்கே உங்கள் செய்தியே அந்த இடைவெளிதான். இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் வைத்தால்தான் அவை விலகுவது தெரியும். தனித்தனி ஸ்லைடில் வைத்தால் முதலாவது நல்ல செய்தி, இரண்டாவது கெட்ட செய்தி, நடுவில் ஒன்றும் இல்லை.

பெங்களூரு, இயந்திரப் பொறியாளர்: தொழில்நுட்ப விஷயத்தை இப்படி நறுக்கினால் நுணுக்கம் போய்விடும். எங்களுக்கு எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டும்.

எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது எரிபொருள் கலனிலிருந்து ஒரு நுரைத் துண்டு கழன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்வெளியில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் நாசா மேலாளர்களுக்கு அதை விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்ற தொனியில் இருந்தது. புல்லட்டுக்குள் புல்லட்டாகப் போய், கடைசி வரியில்தான் இது இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியது 1920 கன அங்குலம் என்ற மதிப்பீடு. அதாவது 640 மடங்கு. பிப்ரவரி 1-இல் திரும்பும்போது ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதை எடுத்துக் காட்டியது.

நுணுக்கம் அங்கே இருந்தது சார். இருந்த இடம்தான் தவறு. "மோதிய துண்டு, சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது" என்பதற்குத் தனி ஸ்லைடு தந்திருந்தால் பழைய தலைப்பு அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

உங்கள் பக்கமும் ஒரு வலுவான ஆள் இருக்கிறார். அந்த ஸ்லைடைப் பிரித்து ஆராய்ந்த தரவுக் காட்சி வல்லுநர் எட்வர்ட் டஃப்ட்டி, இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஸ்லைடே வேண்டாம், அறிக்கை எழுதுங்கள் என்றார். தகவலைத் துண்டாக்கினால் ஒப்பிட முடியாது என்பது அவர் வாதம். உட்கார்ந்து படிக்கப்போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் மறுபடியும்: நான்காகப் பிரித்துவிட்டேன் அக்கா. ஆனால் ரிவ்யூவில் ஒரு துறைக்கு இரண்டு ஸ்லைடுதான் அனுமதி. நேரம் நான்கு நிமிடம்.

நேரம் பிரச்சினை இல்லை. ஒரே ஸ்லைடில் நான்கு நிமிடம் நின்றதற்கு, ஸ்லைடுக்கு ஒரு நிமிடம். எண்ணிக்கைக் கட்டுப்பாடுதான் சிக்கல். நான்கையும் இரண்டில் திணித்தால் பழைய கதைதான். நானாக இருந்தால் முதலாவதையும் நான்காவதையும் மட்டும் காட்டி, 4 நாள் கணக்கையும் 11 லட்சத்தையும் வாயால் சொல்வேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் இதை ஏற்கமாட்டார். பணக் கணக்கு திரையில் இல்லாவிட்டால் எந்த எம்.டி.யும் கையெழுத்துப் போடமாட்டார் என்பார். உங்கள் எம்.டி. எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.