செந்தூலில் தோசை மாவு: எத்தனை வீடு வாங்கும்?

"எங்கள் செந்தூல் அடுக்குமாடிகளில் 3,000 வீடு. வீட்டுக்கு வாரம் ஒரு பாக்கெட் தோசை மாவு என்றால் மாதம் 12,000. சரியா?"

இல்லை, சுமார் 600 பாக்கெட்தான் வரும். கதவை எண்ணிவிட்டீர்கள், வாங்குகிறவரை எண்ணவில்லை.

தோசை சுடும் வீடு 900 என்று வையுங்கள். பாதிப்பேர் வீட்டிலேயே அரைப்பார்கள், மீதி 450. அவர்களும் ஏற்கெனவே ஏதோ ஒரு கடையில் வாங்குகிறவர்கள்தான். மூன்றில் ஒருவர் உங்களிடம் மாறினால் 150 வீடு, மாதம் 600 பாக்கெட்.

இந்த 900, பாதி, மூன்றில் ஒன்று எல்லாம் என் ஊகம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெவ்வேறு புளோக்குகளில் 40 கதவைத் தட்டி, "போன வாரம் மாவு வாங்கினீர்களா, எங்கே?" என்று கேளுங்கள். "நான் விற்றால் வாங்குவீர்களா?" மட்டும் வேண்டாம். முகத்துக்கு நேரே எந்த அக்காவும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கேட்டால் கணக்கு உப்பிவிடும்.