நிறம் மாறட்டும், கண் மாற வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

கருவிழியின் நிறத்தை லேசாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே ஃபோட்டோஷாப்பை வைத்துத்தான். மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தருகிறேன், தேட எளிதாக இருக்கும்.

கேள்வி: பழுப்புக் கண்ணைப் பச்சை கலந்த பழுப்பாக மாற்றப் பார்த்தேன். Solid Color லேயரில் பச்சை எடுத்து, Color மோடில் வைத்து, கருவிழிக்கு வட்டமாக மாஸ்க் போட்டேன். ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: மாஸ்க்கை அப்புறம் பார்க்கலாம், முதல் சிக்கல் Solid Color-இல்தான். கருவிழியில் இருப்பது ஒரே பழுப்பு இல்லை. கண்மணியை ஒட்டித் தேன் நிறம், அதிலிருந்து வெளியே ஓடும் இழைகளில் கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் செம்மை, விளிம்பில் கிட்டத்தட்ட கறுப்பு. Solid Color இவ்வளவையும் அழித்துவிட்டு எல்லாப் பிக்சலுக்கும் ஒரே பச்சையைக் கொடுக்கிறது. வெளிச்சமும் நிழலும் அப்படியே இருந்தாலும், நிறத்தில் வேறுபாடு இல்லாததால் கண் தட்டையாகத் தெரிகிறது. Hue/Saturation-இல் Colorize-ஐ டிக் செய்தாலும் இதே கதைதான்.

அதற்குப் பதிலாக, இருக்கிற நிறத்தை நகர்த்துங்கள். முகம் நேராக, ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுகிற ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். கருவிழியின் குறுக்களவு சுமார் 180 பிக்சல். Hue/Saturation அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போட்டு, Colorize-ஐத் தொடாமல், Hue-ஐ +25 பக்கம் கொண்டு போங்கள். பழுப்பு என்பது அடர்ந்த ஆரஞ்சுதான், அது மஞ்சளும் பச்சையும் இருக்கும் திசையில் நகரும். ஒவ்வொரு இழையும் தன் இடத்திலிருந்து அதே அளவு நகர்வதால், இழைகளுக்கு இடையே இருந்த வேறுபாடு அப்படியே நிற்கும். Saturation-ஐ -15 அளவுக்குக் குறையுங்கள். பிறகு லேயரின் மோடை Color ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால் நிறம் நகரும்போது வெளிச்சமும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

இனி மாஸ்க். Elliptical Marquee-யை எடுத்து, Alt, Shift இரண்டையும் அழுத்திக்கொண்டு கண்மணியின் நடுவிலிருந்து இழுத்தால் வட்டம் வரும். முகம் திரும்பியிருந்தால் கருவிழி வட்டமாக இருக்காது, Transform Selection வைத்து நீள்வட்டமாக்குங்கள். தேர்வின் கோடு கருவிழியின் வெளி விளிம்பில் நிற்கக் கூடாது. விளிம்பில் ஓடும் கறுத்த வளையத்துக்குள் 2 அல்லது 3 பிக்சல் உள்ளே நிற்கட்டும். அந்த வளையம் இருட்டாக இருப்பதால் நிறம் அங்கே எப்படியும் தெரியாது. ஆனால் அதைத் தாண்டினால் வெள்ளைவிழியில் மெல்லிய பச்சைக் கோடு விழும். அது உடனே தெரிந்துவிடும்.

மேல் இமை கருவிழியின் உச்சியை மறைத்திருக்கும். அந்தப் பகுதியை மென்மையான கறுப்புப் பிரஷ்ஷால் மாஸ்க்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இமைக்குக் கீழே கருவிழி மேல் விழும் நிழலை மட்டும் தொடாதீர்கள், ஆழத்தைக் காட்டுவதே அதுதான். கண்மணியையும் கறுப்பால் நிரப்புங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பிரஷ்ஷின் Opacity-யை 40% ஆக்கி, கண்மணியைச் சுற்றி ஒழுங்கில்லாத ஒரு வளையம் போல மாஸ்க்கில் கறுப்பு பூசுங்கள். அங்கே பழைய பழுப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். பச்சை கலந்த கண்களில் நடுவில் பழுப்பு, வெளியே பச்சை என்று இருப்பது சாதாரணம். என்னைக் கேட்டால், மாற்றிய நிறத்தை நம்ப வைப்பதில் பாதி வேலையை இந்த வளையமே செய்துவிடுகிறது.

கேள்வி: நிறம் நன்றாக வருகிறது, ஆனால் கேட்ச்லைட்டின் ஓரம் மட்டும் பச்சையாகிவிடுகிறது. நடுவில் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: Color மோடு, கீழே இருக்கும் படத்தின் வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் மாற்றும். முழு வெள்ளையில் நிறத்துக்கு இடமே இல்லை, அதனால் நடுப்பகுதி தப்பிக்கிறது. ஓரத்தில் வெளிச்சம் 200, 180 என்று இறங்கி வருகிறது, அங்கே நிறம் ஒட்டிக்கொள்கிறது.

கேட்ச்லைட் கருவிழியில் இருப்பதே இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் படலத்தின் ஈரமான மேற்பரப்பில் தெரியும் பிரதிபலிப்பு அது. அதன் நிறம் விளக்குக்கோ ஜன்னலுக்கோ சொந்தம். கண் எந்த நிறமாக மாறினாலும் கேட்ச்லைட் மாறக் கூடாது. மாறினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் செத்துப்போனது போலத் தோன்றும்.

இதற்கு Blend If போதும். லேயர் பெயருக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும் இடத்தில் டபுள் கிளிக் செய்தால் Layer Style திறக்கும். அதில் Underlying Layer என்ற பட்டையின் வெள்ளை முக்கோணத்தை Alt அழுத்திக்கொண்டு இழுத்தால் இரண்டாகப் பிரியும். இடது பாதியை 150-லும் வலது பாதியை 210-லும் வையுங்கள். 150 வரை நிறம் முழுதாக விழும், அங்கிருந்து மெல்லக் குறைந்து 210-க்கு மேல் அறவே இருக்காது. பிரித்து வைப்பதுதான் முக்கியம். பிரிக்காமல் நகர்த்தினால் கேட்ச்லைட்டைச் சுற்றி வெட்டிய மாதிரி ஒரு விளிம்பு வரும்.

இந்த எண்கள் எல்லாப் படத்துக்கும் சரிவராது. F8 அழுத்தி Info பேனலைத் திறந்து, கருவிழியின் மிக வெளிச்சமான இடத்தில் கர்சரை வைத்துப் பாருங்கள். அங்கே 110 வந்தால் 150/210 தாராளம். கருவிழியே 170 தொடுகிறது என்றால் Blend If அதன் நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும். அப்போது கேட்ச்லைட்டைக் கையால்தான் மாஸ்க் செய்ய வேண்டும்.

பெரிய ஜன்னலின் மங்கலான பிரதிபலிப்பு கருவிழியில் பாதியை மூடியிருந்தால் இன்னொரு சிக்கல். அங்கே பிரதிபலிப்பும் கருவிழியும் கலந்தே தெரிகின்றன. முழுதாக மறைத்தால் பழைய பழுப்புத் திட்டு நிற்கும், மறைக்காமல் விட்டால் ஜன்னல் பச்சையாகும். அந்த இடத்தில் மாஸ்க்கைப் பாதிச் சாம்பலில் வைத்துப் பார்ப்பதுதான் நடைமுறை வழி.

கேள்வி: என் படங்களில் இருப்பவர்களுக்கு மிகக் கருமையான கண்கள். எந்த நிறம் போட்டாலும் தெரிவதில்லை. Saturation-ஐ ஏற்றினால் அசிங்கமாகிறது.

பதில்: தெரியாமல் இருப்பதுதான் சரி. Color மோடு வெளிச்சத்தை மாற்றாது என்றோமே, இருட்டான பிக்சலில் எந்த நிறம் போட்டாலும் இருட்டுதான். கருங்கண்ணில் மெலனின் நிறைய இருப்பதால் உள்ளே போகும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. வெளிர் நிறக் கண்கள் நிறத்தில் மட்டும் வேறானவை இல்லை, அவை வெளிச்சத்திலும் கூடியவை. ஆகவே முதலில் கொஞ்சம் வெளிச்சம், அதற்கு மேல் நிறம்.

Hue/Saturation லேயருக்குக் கீழே ஒரு Curves லேயர் போட்டு, அதன் மோடை Luminosity ஆக்குங்கள். Input 40 இருக்கும் இடத்தை Output 60-க்குத் தூக்குங்கள். இதைக் கருவிழி முழுவதற்கும் கொடுத்தால் மறுபடி தட்டையாகிவிடும். ஒளி முன்படலத்தில் நுழையும்போது வளைந்து எதிர்ப்பக்கத்தில் குவிகிறது. கேட்ச்லைட் கடிகாரத்தின் 10 மணி இருக்கும் இடத்தில் இருந்தால், கருவிழி அதிகம் ஒளிர்வது 4 மணிப் பக்கம். அதனால் Curves-இன் மாஸ்க்கை முழுக் கறுப்பாக்கிவிட்டு, 3 மணியிலிருந்து 6 மணி வரை பிறை வடிவில் வெள்ளையை மென்மையாகத் தீட்டுங்கள். கண்மணியும், விளிம்பு வளையமும், இமை நிழலும் கறுப்பிலேயே இருக்கட்டும்.

எவ்வளவு தூக்கலாம் என்பதைப் படமே சொல்லிவிடும். 200% பெரிதாக்கிப் பாருங்கள். இழைகள் தெளிந்தால் சரி. இழைக்குப் பதில் புள்ளிப் புள்ளியாக இரைச்சலோ, ஜேபெக்கின் சதுரக் கட்டங்களோ தெரிந்தால் அங்கே தகவலே இல்லை என்று அர்த்தம், பின்வாங்கிவிடுங்கள். ரா ஃபைல் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம். கண்மணிக்கும் கருவிழிக்கும் நடுவே எல்லை கண்ணுக்கே தெரியாத படம் என்றால் இந்த வேலையை எடுக்காதீர்கள். கருங்கண்ணை நடுத்தரப் பழுப்பாகவோ தேன் நிறமாகவோ மாற்றலாம், அது நிற்கும். நீலமாக்கினால் நிற்காது.

கேள்வி: மாஸ்க்குக்கு எவ்வளவு Feather?

பதில்: படத்தில் இருக்கும் விளிம்பு எவ்வளவு மங்கலோ அவ்வளவு. 200%-இல் பார்த்து, கறுத்த வளையம் வெள்ளைவிழியாக மாற எத்தனை பிக்சல் எடுக்கிறது என்று கவனியுங்கள். 180 பிக்சல் கருவிழியில் ஃபோகஸ் சரியாக இருந்தால் 2 அல்லது 3 போதும். Properties பேனலில் உள்ள Feather-இல் வைத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். தூரத்துக் கண் ஃபோகஸிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால் அதற்குத் தனி மாஸ்க், தனி Feather. ஒரு கண்ணின் மாஸ்க்கைக் காப்பி எடுத்து அடுத்த கண்ணில் வைக்கும் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: வேலை முடிந்ததும் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பார்த்துப் பார்த்து என் கண்ணே பழகிவிடுகிறது.

பதில்: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு 50% சாம்பலால் நிரப்பி, மோடை Color ஆக்குங்கள். படம் வெளிச்சத்தை மட்டும் காட்டும் கறுப்பு-வெள்ளையாகிவிடும். இப்போது நிற லேயரின் கண் ஐகானை அணைத்து அணைத்துப் போடுங்கள். திரையில் எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் மோடை மாற்ற மறந்திருக்கிறீர்கள். Curves லேயரை அணைத்துப் போட்டால் அந்தப் பிறை மட்டும் அசைய வேண்டும்.

பிறகு சாம்பல் லேயரை எடுத்துவிட்டு, முழு முகமும் சிறிதாகத் தெரியும்படி 25%-க்கு வாருங்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணின் நிறம் கண்ணில் பட்டால் அளவு கூடிவிட்டது. நிற லேயரின் Opacity-யை 70% அளவுக்கு இறக்கிப் பாருங்கள். நான் பெரும்பாலும் 60-க்கும் 75-க்கும் நடுவில்தான் நிறுத்துகிறேன்.

கேள்வி: ஒரே ஆளின் பத்துப் படங்கள் இருக்கின்றன. ஒரே செட்டிங்கை எல்லாவற்றிலும் போடலாமா?

பதில்: Hue, Saturation எண்களை ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு அப்படியே போடலாம். மாஸ்க், Blend If, Curves பிறை மூன்றையும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். தலை கொஞ்சம் திரும்பினாலே கேட்ச்லைட் இடம் மாறிவிடும், பிறையும் அதன் எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும்.