பஸ்ஸில் அழும் பிள்ளையும் கட்டிப்போகும் பாலும்

அக்கா, பிள்ளைக்கு இரண்டு மாதம். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும்போது பஸ்ஸில் பால் கொடுக்கக் கூச்சமாக இருக்கு. கண்ணூறு படும் என்று மாமியும் மறிக்கிறா. அதனால் மாப்பால் கரைத்துக் கொண்டுபோறன். இரவில் மார்பு கல்லுப்போல நோகுது. இன்னும் இரண்டு கிழமையில் கார்மன்ட் வேலைக்குத் திரும்பணும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

தங்கச்சிக்கு,

நோவுக்குக் காரணம் அந்தப் போத்தல்தான். பிள்ளை மாப்பாலில் வயிறு நிறைத்த நேரத்துப் பால் மார்பிலேயே தேங்குகிறது. அடிக்கடி அப்படித் தேங்கினால் சுரப்பும் குறையும். பிறகு "பால் காணாது" என்று இன்னுமொரு போத்தல் வரும். கட்டிய பக்கத்தில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி வையுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பஸ்ஸில் யன்னலோர சீட்டில் நீங்களும் பக்கத்தில் மாமியும் இருங்கள். சட்டையைக் கீழிருந்து உயர்த்தினால் பிள்ளையின் உடம்பே உங்கள் வயிற்றை மறைக்கும். சால்வையைத் தோளில் போடுங்கள், பிள்ளையின் தலையை மூட வேண்டாம். இந்த வெக்கையில் பிள்ளைக்கு வேர்க்கும். வாய் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அவசரத்தில் காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால்தான் வெடிப்பு வருகிறது. கண்ணூறுக்கு மாமி பொட்டு வைக்கட்டும், அதில் நட்டமில்லை.

வேலைக்குப் போக முன்பே, காலைப் பால் கொடுத்தபின் தினம் ஒருமுறை கையால் கறந்து பழகுங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் பின்னே வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமத்தி விடுங்கள். விரல் தோலில் வழுக்கக் கூடாது. முதல் நாட்களில் ஓரிரு கரண்டிதான் வரும். அது பால் இல்லை என்பதன் அடையாளமல்ல.

மூடியுள்ள சுத்தமான போத்தலில் ஐஸ் பொதியோடு கூலர் பெட்டியில் வைத்தால் 24 மணித்தியாலம் நிற்கும். வீட்டு ஃபிரிட்ஜில் 4 நாள். வெளியில் 25 பாகையில்கூட 4 மணித்தியாலம்தான், எங்கள் மத்தியானத்துக்கு அதை நம்பாதீர்கள். மாமிக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: மேலே கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதல்ல. சுடுநீர்ப் பாத்திரத்தில் போத்தலை வைத்து இளஞ்சூடாக்கி, மெதுவாகச் சுழற்றிக் கலந்து, கப்பில் கொடுக்கலாம். கொதிக்க வைக்கக் கூடாது.

தொழிற்சாலையில் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை 9 மணித்தியாலத்துக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உங்களுக்குண்டு. பிள்ளை பராமரிப்பு இடம் அங்கே இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது; சாப்பாட்டு நேரம் இதில் சேராது. வீடு தூரமென்றால் அந்த நேரத்தில் கறக்கலாம். கொண்டியுள்ள அறையும் கதிரையும் கை கழுவும் இடமும் போதும், மலசலகூடத்துக்குப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அநேகமாகச் சிக்கல் வருவது டார்கெட்டில்தான். இடைவேளை தந்துவிட்டு உருப்படி எண்ணிக்கையைக் குறைக்காவிட்டால் லைனில் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், நீங்களும் போகாமல் விடுவீர்கள். ஆகவே இடைவேளை நேரத்தையும் குறைத்த டார்கெட்டையும் ஒரே கடிதத்தில், முதல் நாளே கேளுங்கள்.